நாங்க திருடங்க இல்லங்க

நேத்து அந்தக் கமெண்ட்டப் பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல. "இந்தியாக்காரன் டேட்டாவ வித்துருவான், அதான் ஐரோப்பாக்காரன் நம்பல"ன்னு ஒரு பெரிய மனுஷர், அதுக்கு லைக் வேற. காரைக்குடில இருந்து ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் பில் அடிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தோம், அந்தக் காண்ட்ராக்ட் போயிருச்சு. அது எங்க யோக்கியதையால போகல.

ஐரோப்பாவோட டேட்டா பாதுகாப்புச் சட்டம் ஜிடிபிஆர், அதோட 45-வது பிரிவுல ஒரு நாட்டுக்கு 'அடிக்வசி' குடுப்பாங்க, அதாவது அங்க தாராளமா டேட்டா அனுப்பலாம்னு ஒரு அங்கீகாரம். அதுக்கு அந்த நாட்டுச் சட்டத்தத்தான் பாப்பாங்க. அரசாங்கம் டேட்டாவ எடுக்க வரம்பு இருக்கா, தட்டிக்கேக்க தனி அமைப்பு இருக்கா, இதான் கேள்வி. காரைக்குடில மாடி ரூம்ல உக்காந்து பில் அடிக்கிற பொண்ணு நல்லவளான்னு யாரும் பாக்கல. ஜப்பானுக்கு உண்டு, கொரியாவுக்கு உண்டு, நமக்கு இல்ல.

இல்லாததால, டேட்டா அனுப்புறதுக்கு ஐரோப்பாக்காரங்க எழுதி வச்சிருக்குற ஸ்டாண்டர்டு காண்ட்ராக்ட் க்ளாஸ்ல கையெழுத்துப் போட்டோம். அதுல 15-வது க்ளாஸ், நம்ம அரசாங்கம் டேட்டா கேட்டா உடனே அந்த ஜெர்மன் கம்பெனிக்குச் சொல்லணும்ங்குது. நம்ம ஐடி சட்டம் 69-வது பிரிவு, கேட்டா ஒத்துழைக்கணும், மறுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில்ங்குது, அதோட விதிகள் வேற ரகசியமா வச்சுக்கச் சொல்லுது. சொன்னா இங்க தப்பு, சொல்லலேன்னா அங்க தப்பு. சட்டம் தடுத்தா, விலக்கு வாங்க முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்ணுன்னு அதே க்ளாஸ்ல ஒரு சந்து இருக்கு, அத யாருகிட்டப் போயி கேக்குறது? 14-வது க்ளாஸ்படி உங்க நாட்டுச் சட்டம் குறுக்க வருமான்னு எழுதிக் குடுக்கணும். உள்ளதை உள்ளபடி எழுதுனேன். அவங்க வக்கீல் படிச்சாரு, வேலை நின்னுருச்சு. பொய் எழுதியிருந்தா இன்னும் ஓடியிருக்கும், என்ன சொல்றீங்க?

எங்க ஐயா பர்மாவுல கொண்டுவிக்கப் போனவுக. அங்கத்த கணக்கு கப்பல்ல ஊருக்கு வரும், யாரு எவ்வளவு கடன்னு எல்லாம் அதுல இருக்கும். விலாசத்துக்கு, அதாவது குடும்பத்தோட தொழில் பேருக்கு, இருந்த மரியாதைதான் காவல். அந்த வீட்டுப் பிள்ளையப் பாத்து திருடன்னா எப்புடி இருக்கும்?

"அமெரிக்காக்காரன் மட்டும் ஒட்டுக் கேக்கலையா"ன்னு சிலர் வருவீங்க. கேட்டான்தான். 2015-லயும் 2020-லயும் அமெரிக்காவுக்கு டேட்டா அனுப்புற ஏற்பாட்ட ஐரோப்பிய கோர்ட்டு தூக்கி எறிஞ்சுது, 2023-ல மூணாவதா ஒண்ணு குடுத்துட்டாங்க. பெரிய வீட்டு மாப்பிள்ளைக்கு எத்தன தடவ வேணாலும் விருந்து!

"நமக்குத்தான் 2023-ல டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சே"ம்பீங்க. அதுல 17-வது பிரிவப் படிங்க. வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தத்துல, வெளிநாட்டுல இருக்குறவுக டேட்டாவ இங்க வேலை பாத்தா, பத்திரமா வைக்கிறதத் தவிர பெரும்பாலான கடமை கிடையாது. ஜெர்மன்காரருக்குத் தன்னைப் பத்தி என்ன வச்சிருக்கோம்னு கேக்குற உரிமைகூட இந்தச் சட்டத்துல இல்ல. அவுட்சோர்சிங்குக்கு சலுகையாம்! எந்த டேட்டாவுக்காக அவங்க பயப்படுறாங்களோ அதையே வெளிய விட்டாச்சு. தட்டிக்கேக்க வேண்டிய போர்டுக்கு ஆள் போடுறதும் மத்திய அரசுதான். இந்த ஓட்டையப் போட்டது நானா, எங்க மாடில வேலை பாத்த ரெண்டு புள்ளைகளா?

அதுல ஒருத்தி இன்னிக்கு காலையில வந்து, "அண்ணே, எதுவும் வேலை வந்துச்சா"ன்னு கேட்டுட்டுப் போறா.