ஜிங்கிள் கேட்டால் வாங்கிவிடுவோமா?

“ஜிங்கிள் எனும் விளம்பரப் பாட்டு, ஸ்கிராட்ச் கார்டு எல்லாமே பாவ்லோவின் நாய் சோதனைதான். பாட்டைக் கேட்டதும் கை தானாகப் பொருளை எடுக்கும்” என்று ஒரு கருத்து பரவுகிறது.

தவறு. உணவோடு சேர்த்து ஒலியைக் கேட்டுப் பழகிய பாவ்லோவின் நாய்க்கு, பிறகு ஒலி கேட்டதுமே எச்சில் ஊறியது. அது தானாக எழும் எதிர்வினை. ஜிங்கிளும் பொருளின் பெயரோடு இனிய உணர்வை ஒட்டவைக்கலாம், ஆனால் வாங்குவது வேறு செயல். பிடித்த இசையோடு காட்டிய நிறப் பேனாவையே பெரும்பாலோர் எடுத்தார்கள் என்று 1982இல் ஆய்வாளர் ஜெரால்ட் கோர்ன் கண்டது உண்மை. 1989இல் கெல்லாரிஸும் காக்ஸும் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இந்தப் பாதியை மறைத்துப் பரப்புவது நியாயமல்ல.

ஜிங்கிளை வெறுமனே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவதும் போதாது: உணவின்றி ஒலி மட்டும் தொடர்ந்தபோது நாயின் எச்சில் குறைந்தது.

ஸ்கிராட்ச் கார்டு உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கிய வழி: செயலுக்குப் பின் வரும் பரிசு அந்தச் செயலை மீண்டும் செய்யத் தூண்டும். முதலில் நாம் பணம் செலுத்துகிறோம், பிறகே பரிசு. அது எப்போது விழும் என்று தெரியாததால்தான் அந்தப் பழக்கம் எளிதில் விடுவதில்லை.