ஆறு தவணை தள்ளிப்போனால் ஆறு மாதம்தான் கூடுமா?

“2020 கொரோனா சமயத்தில் ஆறு மாதம் இஎம்ஐ கட்டவில்லை. கடைசியில் அந்த ஆறு தவணையைக் கட்டினால் போதும், வட்டியை அரசு கொடுத்துவிட்டது.”

தவறு. ரிசர்வ் வங்கி தள்ளிவைக்க அனுமதித்தது தவணையை மட்டுமே. வட்டி நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கடன் பாக்கி 30 லட்சம், வட்டி 8 சதவீதம், மீதி 180 மாதம் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 28,670 ரூபாய். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கட்டாமல் விட்டால், வட்டி அசலில் ஏறி பாக்கி 31.22 லட்சம் ஆகிறது. அரசு கொடுத்தது கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்: இந்தக் கணக்கில் 2,018 ரூபாய்! அதைக் கழித்தாலும், அதே இஎம்ஐயில் கடன் தீர இன்னும் 195 மாதம் ஆகும். விட்ட ஆறையும் சேர்த்தால் கடன் முடிவது 21 மாதம் தள்ளிப்போகிறது. கூடுதல் செலவு சுமார் 4.2 லட்சம்.

காரணம், ஏறிய 1.2 லட்சத்துக்கும் பதினாறு வருடம் வட்டி போடப்படுகிறது. செப்டம்பரிலேயே அதை மொத்தமாகக் கட்டியிருந்தால் நிஜமாகவே ஆறு மாதம்தான் கூடியிருக்கும். இப்போதும் தாமதமில்லை, கையில் இருப்பதை அசலில் கட்டும்போது, “இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுங்கள்.