ஐ வாஷ் டேக்கில் எல்லா டிக்கும் ஒரே பேனா

கண்ணில் ரசாயனம் பட்டால் கழுவ வைத்திருக்கும் ஐ வாஷ் பக்கத்தில் தொங்கும் வாராந்திர டெஸ்ட் டேக்கில் நான் முதலில் பார்ப்பது மையைத்தான். மூன்று மாத டிக்கும் ஒரே நீலம், ஒரே சாய்வு என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது என்று அர்த்தம். வேலை பார்த்த ஒரு பிளான்ட்டில் அப்படி டேக் தொங்கிய ஐ வாஷின் தட்டைத் தள்ளிப் பார்த்தேன். முதலில் காற்று இருமியது, அப்புறம் துருத் தண்ணீர், தெளிய அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. காஸ்டிக் சோடா சாம்பிள் எடுக்கும் இடத்திலிருந்து நாலே எட்டு தூரம். இடத்தில் குறையே சொல்ல முடியாது. ஏஎன்எஸ்ஐ இசட் 358.1 என்ற அமெரிக்கத் தரநிலை பத்து விநாடியில் போய்ச் சேரணும், வழியில் படியோ தடையோ இருக்கக் கூடாது என்கிறது, கடுமையான அமிலம், காரம் என்றால் இன்னும் பக்கத்திலேயே வேண்டும். எல்லாம் சரி, ஆனால் கண்ணில் காஸ்டிக் பட்டவன் மேல் அந்தத் துருதான் முதலில் பாய்ந்திருக்கும்.

டெஸ்ட் என்றால் ஒரு தட்டு தட்டி மூடுவது இல்லை. மெயின் லைனிலிருந்து பிரிந்து வரும் குழாயில் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும், துருவும் கிருமியும் சேருவது அங்கேதான். அந்தத் தண்ணீர் மொத்தமும் வெளியே போகும்வரை ஓட விடணும். 15 மில்லிமீட்டர் குழாய் ஆறு மீட்டர் என்றால் உள்ளே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் மட்டும் வரும் ஐ வாஷில் அது காலியாகவே முக்கால் நிமிடம் ஆகும். குழாய் இன்னும் நீளம் என்றால் நேரமும் நீளும். ஓடும்போது இரண்டு முனையிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் எழுகிறதா, கையை எடுத்தாலும் வால்வு திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். கை எதற்கு என்றால், எரிச்சலில் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். அப்படி குறைந்தது 15 நிமிடம். காஸ்டிக் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், எரிச்சல் குறைந்தது என்று மூன்றாவது நிமிடத்தில் மூடினால் அது நிற்காது.

உடம்பில் ரசாயனம் பட்டால் இழுத்துவிட்டு நிற்கும் எமர்ஜென்சி ஷவருக்கு வருவோம். நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடத்துக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம். தனியாக 500 லிட்டர் டேங்க் வைத்து இணைத்தால் ஏழு நிமிடம்கூட வராது. வெயிலில் கிடக்கும் குழாய் என்றால் முதல் தண்ணீரே சுடும், 38 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

டிக் போட்ட பையனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த பிளான்ட்டின் ஷவருக்குக் கீழே தண்ணீர் வடிய ட்ரெயினே கிடையாது. ஒரு தடவை இழுத்தால் தரை முழுக்கக் குளம், பக்கத்திலேயே மின்பெட்டி, துடைப்பதும் அவன்தான். யார் இழுப்பார்கள்? ஒரு பெரிய டிரம்மும், ஷவர் தலையைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த டேக்கில் மை வாரத்துக்கு ஒன்றாக மாறியிருந்தது, ஒரு வாரத்துக்கு எதிரே ‘இடது முனை அடைப்பு’ என்றும் எழுதியிருந்தான்.