காலண்டர் சொல்லும் அமாவாசையும் குழந்தை பிறந்த திதியும்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டமும், தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் படித்துறைக்குப் போகிற கூட்டமுமாக எங்கள் அம்பாசமுத்திரம் சாலை நிறைந்திருந்த அன்று மாலை 7.20 மணிக்கு என் தங்கைக்குப் பேத்தி பிறந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே, “அமாவாசையில பொறந்த புள்ள களவாங்கும்னு சொல்லுவாவளே” என்று சொல்லிவிட்டார். தங்கையின் முகம் வாடிப்போனது. இந்தப் பதிவை எழுத அந்த ஒரு வாக்கியமே காரணம்.

அந்தக் குழந்தை அமாவாசையில் பிறக்கவே இல்லை. அமாவாசைத் திதி முந்தைய நாள் பிற்பகல் ஏறத்தாழ 3.50 மணிக்குத் தொடங்கி, ஞாயிறு மாலை 4.42 மணியளவில் முடிந்துவிட்டது. தர்ப்பணத்துக்கு எந்த நாளை எடுத்துக்கொள்வது என்பதற்குத் தனி விதி உண்டு. அதன்படி காலண்டர் அந்த ஞாயிறு முழுவதற்கும் அமாவாசை என்று அச்சிடுகிறது. ஜாதகத்துக்கு வேண்டியதோ பிறந்த நிமிடத்துத் திதி. சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று பார்த்து, பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி என்று எண்ணுவதே கணக்கு. குழந்தை பிறந்தபோது அந்த விலகல் ஏறக்குறைய ஒன்றேகால் பாகை. ஆகவே அவள் வளர்பிறைப் பிரதமையில் பிறந்தவள். (நட்சத்திரம் ஆயில்யம் என்று தெரிந்ததும் மாமியாரைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது, அது வேறு பஞ்சாயத்து.)

பிறையை வைத்து ஜோதிடர்கள் குணம் சொல்வதற்கு அடிப்படை, சந்திரனை மனோகாரகன் என்று கொள்வதுதான். அமாவாசையில் சந்திரன் சூரியனோடு சேர்ந்து மறைந்திருப்பதால், அப்போது பிறந்தவர்கள் மனத்தில் உள்ளதை வெளியே காட்டாதவர்கள், கூர்மையும் பிடிவாதமும் உள்ளவர்கள் என்பார்கள். மறைப்பது என்ற இந்தக் குணமும், இருட்டு இரவு திருடனுக்கு உகந்தது என்ற எண்ணமும் ஊர்ப்பேச்சில் ஒன்றாகிக் களவாகிவிட்டன என்பது என் ஊகம். பௌர்ணமியில் இரண்டும் நேர் எதிரே நிற்பதால் உணர்ச்சியை ஒளிக்கத் தெரியாதவர்கள், இரண்டு பக்கமும் இழுபடுகிறவர்கள் என்றும், வளர்பிறைக்கு ஆர்வமும் முன்னே பாய்வதும், தேய்பிறைக்கு நிதானமும் உள்ளடக்கமும் என்றும் சொல்வார்கள்.

அப்படியானால் எங்கள் பேத்தி வளர்பிறைக் குணத்தவளா? இங்கேதான் ஜோதிடர்களுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது. ஒரு சாரார் பட்சத்தைப் பார்க்கிறார்கள். வளர்பிறை என்றால் சந்திரன் சுபர், தேய்பிறை என்றால் பாபர், அவ்வளவே. இன்னொரு சாரார் ஒளியைப் பார்த்து, வளர்பிறை அஷ்டமி முதல் தேய்பிறை அஷ்டமி வரை சந்திரனுக்குப் பலம் உண்டு, மற்ற நாட்களில் இல்லை என்பார்கள். பட்சபலக் கணக்கும் ஒளியின் பக்கமே நிற்கிறது. சூரியனிலிருந்து சந்திரன் விலகிய பாகையை மூன்றால் வகுத்தால் பலம் கிடைக்கும். பௌர்ணமியில் 180 பாகை என்பதால் அது முழு அறுபது. எங்கள் குழந்தையின் ஒன்றேகால் பாகையை வகுத்தால் அரைகூடத் தேறாது. ஆனால் தேய்பிறைத் துவிதியை முடிகிற நேரத்தில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சந்திரன் பௌர்ணமியைக் கடந்து 24 பாகைதான் போயிருக்கிறது, சூரியனுக்கும் அதற்கும் இடையே 156 பாகை, பலம் 52. பெயரளவில் தேய்பிறை, வானத்தில் கிட்டத்தட்ட முழு நிலா. இந்த இரண்டு குழந்தைகளையும் பட்சத்தின் பெயரை மட்டும் வைத்து ‘வளர்கிறவள், தேய்கிறவன்’ என்று பிரிக்கும் ஜோதிடரிடம் நான் ஜாதகத்தை நீட்ட மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், பிறை ஒரு மனிதரின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதையே நான் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவர்கள் கணக்கையாவது சரியாகப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வேறுபாடு சிறியது. அஷ்டமியை நெருங்கும்போது அது சில மணி நேரம்கூட ஆகலாம். ஒளியைப் பார்ப்பவர்கள் பலத்துக்கு எல்லைக்கோடு போட்டிருப்பதும் அதே அஷ்டமியில்தான். ஆகையால் அஷ்டமியை ஒட்டிப் பிறந்தவர்கள் தங்கள் ஜாதகம் எந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டு எழுதப்பட்டது என்று கேட்ட பிறகே, சந்திரனுக்குப் பலம் உண்டா இல்லையா என்ற பேச்சுக்குள் போக வேண்டும்.

தங்கையிடம் இவ்வளவையும் விளக்கிய பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்போ அந்தப் பெரியவர்ட்ட நீயே போய்ச் சொல்லிருதியா அண்ணே?”