நாக்பூர் கோடைக்கு ஏசியைவிட ஏர்கூலரே ஏற்றது

சென்னையில் ஏர்கூலர் வாங்கி ஏமாந்தவர்கள், நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததும் யோசிக்காமல் ஏசி வாங்கிவிடுகிறார்கள். சென்னையில் கூலர் தோற்றதற்கு அங்குள்ள காற்றின் ஈரப்பதமே காரணம். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலை என்பதால், காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும்.

இதை வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். அறை வெப்பநிலை காட்டும் கண்ணாடி வெப்பமானிகள் இரண்டை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரப்பஞ்சைச் சுற்றி, இரண்டையும் நிழலில் மின்விசிறியின் முன்னால் சில நிமிடங்கள் வையுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத்தான் நல்ல கூலர் குறைத்துத் தரும். மே மாத நண்பகலில் என் வீட்டில் ஒன்று 43 பாகையும் மற்றொன்று 23 பாகையும் காட்டின. ஆகவே கூலரிலிருந்து வரும் காற்று 28 பாகை அளவில் இருக்கும். சென்னையில் 36, 28 என்று காட்டும் நாளில் ஆறு பாகைதான் குறையும், வரும் காற்றும் பிசுபிசுக்கும்.

மின்செலவில் வித்தியாசம் மிகப் பெரியது. ஜன்னலில் பொருத்தும் என் கூலர் பம்பையும் சேர்த்து 200 வாட் இழுக்கிறது. 12 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இந்த வெயிலில் சராசரியாக 1,000 வாட் எடுத்தால் அதே நேரத்துக்கு 12 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குக் கூலருக்கு 576 ரூபாயும் ஏசிக்கு 2,880 ரூபாயும் வரும். ஆனால் கூலர் தண்ணீர் குடிக்கும்; கடும் வெயிலில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகும். தண்ணீரை லாரியில் வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுகத்தைப் பொறுத்தவரை, ஏசி ஏற்கெனவே வறண்ட காற்றை இன்னும் உலர்த்துவதால் காலையில் தொண்டை வறள்கிறது, கண் எரிகிறது. கூலர் காற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏசி அறையைப் போலக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுக் கூலரை ஓடவிடுகிறார்கள். ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் ஒரு மணி நேரத்தில் படுக்கை விரிப்பே நமுத்துப்போகும். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு சாண் அளவாவது திறந்து வைக்க வேண்டும்.

கூலரில் தண்ணீர் ஊறும் தட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்தால் அந்த இடத்தில் காற்று நுழையாது. ஆகவே உப்பேறிய தண்ணீர் தங்காதபடி வாரம் ஒரு முறை தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவுகிறேன். கொசு முட்டையிடாமல் இருப்பதற்கும் அது தேவை.

ஜூன் பாதியில் மழை தொடங்கியதும் இரண்டு வெப்பமானிகளும் நெருங்கி வந்துவிடும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாகத்தான் கூலரை ஓட்ட முடியும். மழைக்காலப் புழுக்கம் தாங்காதவர்களுக்கும், வெளிக்காற்றின் தூசு ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா நோயாளிகள் உள்ள வீட்டுக்கும் ஏசி வாங்குவதே சரி.