"சொந்தத்திலா கட்டினீங்க?" கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்

தசைநோய் வந்த பையனின் தாயை ஒரு டாக்டர் கேலி செய்யும் அந்தக் காணொளியைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அந்த அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று டாக்டர் சிரிக்கிறார். கீழே கைதட்டல் வேறு.

பையனுக்கு டுசேன் தசைச்சிதைவு, தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய், என்று அந்த டாக்டரே தன் வாயால் சொல்கிறார். டுசேனுக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கோளாறு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் குழந்தைக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அப்பா அத்தை மகனா, முன்பின் தெரியாதவரா என்பது கணக்கிலேயே வராது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அது அம்மாவிடமும் இல்லாமல் புதிதாகவே வருகிறது.

என் அக்கா மகனுக்கும் இதுதான். நாலு வயதில் தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகத் திரண்டிருக்கும். "பலசாலி" என்பார்கள். போன இடமெல்லாம் முதல் கேள்வி: சொந்தமா? ஆமாம், அத்தை மகன். "ம்ம்." அதோடு விசாரணை முடிந்தது. அக்காவைப் பார்த்து நொந்துபோன வீட்டில், "இவளாவது தப்பிக்கட்டும்" என்று எனக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

எவ்வளவோ கழித்து ஒரு மரபணு ஆலோசகரிடம் போனோம். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் எல்லோரிடமும் வயது கேட்பது போலக் கேட்டார். காகிதத்தில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டார், அதுதான் உறவுத் திருமணத்துக்கான குறி. போட்டுவிட்டு அங்கே நிற்கவே இல்லை. பென்சில் நேராக அம்மா பக்கம் போனது. "உங்களோடு பிறந்த ஆண்களில் யாராவது நடக்க முடியாமல் போனார்களா?" அம்மா யோசித்துச் சொன்னார், தம்பி ஒருவன், மாடியிலிருந்து விழுந்ததில் கால் போய்ப் பதினேழு வயதில் இறந்தான் என்று. விழுந்ததால் கால் போகவில்லை, கால் பலமிழந்ததால்தான் விழுந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே உறைத்தது.

முதலில் பையனின் ரத்தத்தில் அந்த மரபணுவில் எந்தத் துண்டு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் அதே இடத்தை அக்காவிடமும் என்னிடமும் பார்த்தார்கள். எனக்கும் அந்தப் பழுது இருக்கிறது. எனக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இதயமும் தசைதானே, நானும் அவ்வப்போது அதற்கு எக்கோ பார்க்க வேண்டும். தப்பித்தவள் நான்தானே!

"அப்போ சொந்தத்தில் கட்டுவதை ஆதரிக்கிறாயா?" வந்துவிட்டீர்களா? இல்லை. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள் தனி ரகம். பிறவிக் காது கேளாமையில் பல வகை அப்படித்தான். அங்கே உறவுக்குக் கணக்கு உண்டு. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் கோளாறுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், அத்தை மகன் மாமன் மகள் தம்பதிக்கு அதற்கு மேல் இன்னும் ஏறத்தாழ இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் என்றால் ரத்த நெருக்கம் இரட்டிப்பு. இப்படி இருவரிடமும் மறைந்திருந்து வெளிப்பட்ட நோயோடு ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் நாலில் ஒன்று. இதைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள்.

"கறாராகப் பேசினால்தான் ஜனங்கள் திருந்துவார்கள்." அடுத்து உங்களிடம் வருகிறவர் என்ன செய்வார் தெரியுமா? "சொந்தமா?" என்றால் "இல்லை" என்பார். மறைந்திருக்கும் நோயைத் தேட அந்த இரட்டைக் கோடு எவ்வளவு பெரிய துப்பு! திட்டியே அதைத் தொலைக்கிறீர்கள். கட்டி முடித்துப் பிள்ளையும் பெற்ற பிறகு, யாரைத் திருத்தப் போகிறீர்கள்?

இன்னொன்று. அம்மா வழி என்று தெரிந்ததும் அக்கா மாமியாரின் முகம் மாறியது. "அப்போ உங்க பக்கம்தான்." ஆலோசகர் விடவில்லை. எந்த மரபணு யாருக்குப் போக வேண்டும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை, உங்களிடமும் என்னிடமும் இப்படி மறைந்த பழுதுகள் சில இருக்கும், இங்கே வெளிப்பட்டது அவ்வளவுதான் என்றார். மாமியார் ஒத்துக்கொண்டாரா? பாதிதான். அத்தான் இப்போதும் உறவுக்காரர் கல்யாணம் எதற்கும் வருவதில்லை. அவர் பங்கு இதில் பூஜ்யம் என்று ரிப்போர்ட்டே இருக்கிறது, எந்தப் பந்தியில் போய் அதைக் காட்டுவார்?

அக்காவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கும் பாதி வாய்ப்பு. சின்னப் பிள்ளை, வளர்ந்து அவளே கேட்கும்போது பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவளிடம் போய் "நீ வெளியில் கட்டிக்கோ, எல்லாம் சரியாகிவிடும்" என்று எந்தப் புத்திசாலியும் சொல்லி வைக்காதீர்கள்.