அந்த 195 மீற்றருக்கு அரசி பொறுப்பா?

ஞாயிறு காலையில் காலிமுகத்திடலில் ஓடி முடித்து, கடலைப் பார்த்தபடி இலைக்கஞ்சி குடிப்பது எங்கள் சிறு கூட்டத்தின் வழக்கம். போன வாரம் கஞ்சி ஆறுவதற்குள் ஒரு வாக்குவாதம் மூண்டுவிட்டது. குழுவில் யாரோ அனுப்பிய ஒரு செய்திதான் காரணம். மனித உடலில் சேமிப்பில் உள்ள சக்தி சரியாக 42 கிலோமீற்றரில் தீர்ந்துபோகுமாம், கிரேக்க முன்னோர் அதை அறிந்தே மரதன் ஓட்டத்துக்கு 42.195 என்று தூரம் குறித்தார்களாம். வெள்ளவத்தையிலிருந்து வரும் அண்ணா ஒருவர் அதை மெய்சிலிர்த்து உரக்க வாசித்தார். வாயைக் கட்ட என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் ஆறாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரேக்கத்தை முடித்துவிடுவோம், அதற்கு அதிக இடம் தேவையில்லை. மரதன் என்பது ஓர் ஊர். கி.மு. 490இல் அங்கே பாரசீகரோடு போர் நடந்தது. வெற்றிச் செய்தியோடு ஏதென்சுக்கு ஓடிவந்து, சொல்லிவிட்டு விழுந்து இறந்தவனின் கதை நமக்குத் தெரியும். ஆனால் போருக்கு மிக அருகில் வாழ்ந்து எழுதிய ஹெரொடோட்டசிடம் அந்தக் கதை இல்லை. அவர் சொல்வது, உதவி கேட்டு ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவனைப் பற்றி. அது ஏறக்குறைய 240 கிலோமீற்றர். செய்தி சொல்லி இறந்தவனின் கதை பல நூற்றாண்டு கழித்தே எழுத்தில் வருகிறது.

1896இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, மிஷெல் பிரெயால் என்ற பிரெஞ்சு மொழியியலறிஞரின் யோசனைப்படி மரதனிலிருந்து ஏதென்ஸ் அரங்குவரை ஓட்டம் வைத்தார்கள். ஸ்பிரிடோன் லூயிஸ் வென்றார். தூரம் சுமார் 40 கிலோமீற்றர். அந்தச் ‘சுமார்’ என்ற சொல்தான் முக்கியம். அடுத்த கால் நூற்றாண்டுக்கு மரதன் என்றால் ‘ஏறக்குறைய 40, ஊருக்கு ஏற்றபடி’ என்றுதான் பொருள். 42.195 என்பதைக் கிரேக்கர் எவரும் கேள்விப்பட்டதேயில்லை.

அந்த எண் பிறந்தது லண்டனில், 1908இல். அந்த ஆண்டின் ஒலிம்பிக் ரோமில் நடக்கவேண்டியது. 1906இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த பிறகு இத்தாலி கையை விரித்துவிட, லண்டன் ஏற்றுக்கொண்டது. ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு பெரிய அரங்கு எழுந்தது. மரதன் பாதையை வகுக்கும் பொறுப்பு பொலிடெக்னிக் ஹாரியர்ஸ் என்ற ஓட்டக் கழகத்திடம் வந்தது. அதன் செயலாளர் ஜாக் அன்ட்ரூதான் பாதையைத் திட்டமிட்டவர். கையில் இருந்த அறிவுறுத்தல், 25 மைல் அல்லது 40 கிலோமீற்றர் அளவில் ஒரு பாதை.

ஓட்டம் வின்சர் கோட்டையில் தொடங்கவேண்டும் என்றும், அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன் முடியவேண்டும் என்றும் முடிவாயிற்று. கோட்டைக்கு வெளியே தெருவில் தொடங்கினால் கூட்டம் நெருக்கும் என்பதால், தொடக்கக் கோடு கோட்டை வளவுக்குள், கிழக்குப் புறத்துக்கு நகர்ந்தது. அதில் பாதை சற்று நீண்டது. இப்படி ஈட்டன், ஸ்லவ், அக்ஸ்பிரிட்ஜ், ஹாரோ என்று சுற்றி அரங்கின் வாசலை எட்டும்போது 26 மைல் ஆகிவிட்டது. நம் பெரியவர்கள் பாசையில் 26 கட்டை. குழந்தைகள் ஜன்னலிலிருந்து பார்க்கவேண்டும் என்று அரசி ஆசைப்பட்டதால்தான் தூரம் கூடியது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதைதான், ஆனால் கூட்ட நெரிசலே போதிய காரணம்.

இனி அரங்குக்குள் வாருங்கள், விஷயம் இருப்பது அங்கேதான். முதல் திட்டத்தில், 26 மைல் முடிந்து அரச குடும்பத்துக்கான வாசல் வழியே உள்ளே வருபவர் தடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அரச இருக்கையின் முன் முடிப்பார். அந்தத் தடம் மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்று போடப்பட்டது, ஆகவே ஒரு சுற்று 586 யாரும் இரண்டு அடியும். அதன்படி நடந்திருந்தால் இன்று நாம் 42.4 கிலோமீற்றருக்கு அருகில் ஓடிக்கொண்டிருப்போம். ஆனால் அரச விருந்தினர் வண்டியிலிருந்து வசதியாக இறங்குவதற்காக அந்த வாசல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டக்காரர் அதன் வழியே தடத்துக்கு வர முடியாது. ஆகவே அரங்கின் வேறொரு பக்க வாசலைத் தேர்ந்தார்கள். முடிவுக் கோடு அரச இருக்கையின் முன்னேயே இருந்தது. பார்வையாளருக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று உள்ளே ஓடும் திசையையும் மாற்றினார்கள். புதிய வாசலிலிருந்து அந்தத் திசையில் முடிவுக் கோடுவரை அளந்தால் 385 யார்.

அவ்வளவுதான். உடலியலும் இல்லை, முன்னோர் ஞானமும் இல்லை. ஒரு வாசல் உயரமாக இருந்தது, இன்னொரு வாசலைத் திறந்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: ஒரு மைல் 1609.344 மீற்றர். 26ஆல் பெருக்கினால் 41,842.944. ஒரு யார் 0.9144 மீற்றர் (துணிக்கடையில் அம்மா இன்னும் யார் கணக்கில்தான் கேட்பார்). 385 யார் 352.044 மீற்றர். இரண்டையும் கூட்டினால் 42,194.988. மீதி ஒரு சென்ரிமீற்றர் சொச்சத்தை மன்னித்துவிட்டு 42.195 என்கிறோம். ஆகவே ‘அந்தக் கடைசி 195 மீற்றர்’ என்று தனியாக எதுவும் இல்லை. லண்டனில் தனியாக நின்ற துண்டு 352 மீற்றர்.

அந்த 352 மீற்றரில் நடந்ததைத்தான் உலகம் மறக்கவில்லை. 1908 யூலை 24, நல்ல வெயில். அரங்கின் வாசலுக்கு முதலில் வந்தவர் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி. வாசலே முடிவுக் கோடாக இருந்திருந்தால் தங்கப் பதக்கம் அவருடையது. உள்ளே வந்தவர் தவறான பக்கம் திரும்பினார். அதிகாரிகள் திருப்பிவிட, கால் மடிந்து விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். பல தடவை இப்படி. நிறைந்த அரங்கு பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவரும் ஜாக் அன்ட்ரூவும் கைகொடுத்துத் தூக்கினார்கள். பாதையை வகுத்த அதே அன்ட்ரூ! அந்தச் சிறு தூரத்துக்கு மட்டும் சுமார் பத்து நிமிடங்கள். 2 மணி 54 நிமிடம் 46 செக்கனில் கோட்டைக் கடந்தார். அரை நிமிடம் பின்னால் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸ் யாருடைய உதவியும் இன்றி வந்தார். அமெரிக்கர் முறையிட, பியெத்ரி தகுதியிழந்தார், தங்கம் ஹேய்சுக்குப் போனது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியெத்ரிக்குத் தனியாக ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார். அரசிக்கு இந்தக் கதையில் உறுதியான பங்கு இதுதான்.

என் பார்வையில், அந்தத் தூரம் நிலைத்ததற்கும் பியெத்ரியின் விழுகைதான் காரணம். அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் மண்டபத்துக்குள் அவரையும் ஹேய்சையும் மீண்டும் மோதவிட்டார்கள். லண்டனில் தோற்றது இங்கேயாவது தீரட்டும் என்றால் தூரமும் லண்டன் தூரமாகத்தானே இருக்கவேண்டும்? அதே 26 மைல் 385 யாரை மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பியெத்ரி வென்றார். ஒரு வாசல் தந்த எண், இப்படி ஒரு பழிதீர்க்கும் பந்தயத்தின் அளவாகிவிட்டது.

ஒலிம்பிக் அப்போதும் அசைந்துகொடுக்கவில்லை. 1912இல் ஸ்டொக்ஹோமில் 40.2 கிலோமீற்றர். 1920இல் அன்ட்வேர்ப்பில் 42.75. பிறகு 1921இல்தான் சர்வதேச தடகளச் சம்மேளனம் லண்டன் தூரத்தையே விதியாக்கியது. 1924 பாரிசிலிருந்து ஒலிம்பிக்கிலும் அதுவே. சக்தி 42இல் தீரும் என்ற வாதம் தலைகீழ் என்பது இதிலிருந்தே தெரியும். பலருக்கு 30 கடந்ததும் கால் கட்டையாகிறது என்பது உண்மை. ஆனால் அதைப் பார்த்து யாரும் தூரம் வைக்கவில்லை.

கஞ்சிக் கடையில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, கூட்டத்தில் ஒரு மச்சான் குறுக்கிட்டான். சென்ற ஆண்டு ஒரு மரதன் ஓடியவன். “அதெல்லாம் சரி, என் கைக்கடிகாரம் 42.71 காட்டியது. அரை கிலோமீற்றர் கூட ஓடவிட்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்றான். முடிவுக் கோட்டருகே எடுத்த கடிகாரப் படத்தை அன்றே முகநூலில் போட்டு நியாயம் கேட்டவன்.

இங்கே நான் ஏற்பாட்டாளர் பக்கம். முறையாக அளக்கப்படும் பாதையை அளப்பது சைக்கிள். முன்சக்கரத்தில், அது சுழல்வதை எண்ணும் ‘ஜோன்ஸ் எண்ணி’ என்ற சிறு கருவி இருக்கும். முதலில் இரும்பு நாடாவால் அளந்த நேரான துண்டில் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை எண் விழுகிறது என்று பார்ப்பார்கள். பாதையை அளந்து முடித்ததும் திரும்பி வந்து அதே துண்டில் மீண்டும் ஓட்டுவார்கள். காரணம் வெயில். டயருக்குள் காற்று சூடாகி சக்கரம் ஒரு துளி பெருத்தாலும், விழும் எண் குறைந்துவிடும். விடியலில் தொடங்கி எட்டு மணிக்கு முடித்தால்கூடக் கொழும்பில் இந்த வித்தியாசம் தெரியும்.

அளக்கும் கோடு, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. வளைவுகளில் ஓரக் கல்லிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி. அதற்கு மேல், பாதை குறைந்துவிடக்கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வேண்டுமென்றே கூட்டுவார்கள். மொத்தம் 42 மீற்றர். இந்தக் கவனம் சும்மா வந்ததல்ல. 1981இல் நியூயோர்க் மரதனில் அல்பேர்ட்டோ சலசார் 2:08:13 என்று உலக சாதனை படைத்தார். பின்னர் மீண்டும் அளந்தபோது பாதை சுமார் 150 மீற்றர் குறைவு என்று தெரிந்து, சாதனை பறிபோனது. ஓடியவர் மீது ஒரு குற்றமும் இல்லை.

மச்சானின் 515 மீற்றரில் 42 மீற்றர் விதி கூட்டியது. மீதி அவனுடையது. தண்ணீர் மேசைக்கு ஓரம்போய்த் திரும்பியது, வளைவில் ஆட்களை முந்த வெளியே சுற்றியது, நிழலைத் தேடி வீதியின் மறுபுறம் போனது. பத்தாததற்குக் கைக்கடிகாரம் செய்மதியிடம் இடம் கேட்டு, புள்ளி புள்ளியாக இணைத்து, உயர்ந்த கட்டிடங்களுக்கிடையே இல்லாத நெளிவையும் கூட்டிவிடும்.

அவன் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தான். பழைய பதிவை அழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தான்: “352 மீற்றர் லண்டன் வாசலுக்கு, 42 விதிக்கு, மீதி தேசிக்காய்த் தண்ணீர் மேசைக்கு.”